2.40-க்கு வெட்டிய சரம்

நாலு பத்துக்கு எங்கள் துறை வராந்தாவில் ஐஸ் பெட்டியை இறக்கி வைக்கிற சத்தம் கேட்கும். செவ்வாயும் வெள்ளியும் மட்டும். பெட்டி கிடையாது, இறக்கி வைக்கிற ஆளும் கிடையாது. ஆள் செத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது.

ஆரம்பத்தில் எட்டிப் பார்த்தேன். பிறகு எட்டிப் பார்ப்பதை நிறுத்தினேன், கேட்பது நிற்கவில்லை. நான் தாவரவியல் நடத்துகிறவள். பேய் பிசாசெல்லாம் வேலையற்றவர்கள் பேச்சு என்று வகுப்பிலேயே வாய்கிழியச் சொன்னவள். இப்போது போய் யாரிடம் சொல்ல? அந்த நேரத்தில் பாடம் இருந்தால் தலைவலி என்று பத்து நிமிஷம் முன்னாடியே விட்டுவிடுவேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

என் பேர் முத்துப்பிரியா. போடியில் ஒரு கல்லூரியில் வேலை. கூடவே முனைவர் பட்டத்துக்கு ஆறு வருஷமாக முட்டிக்கொண்டிருக்கிறேன். ஏலச் சரம் எப்படி நீள்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. சரம் என்றால் ஏலச்செடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு தரையாக ஊர்கிற பூந்தண்டு. அதில்தான் பூப்பதும் காய்ப்பதும். சரம் நீளாவிட்டால் காய் இல்லை, காய் இல்லாவிட்டால் இந்த ஊரே இல்லை.

எனக்குச் சரம் கொண்டு வந்து கொடுத்தவர் தங்கபாண்டி அண்ணன். சிலமலைக்காரர், ஜீப்பு ஓட்டுகிறவர். விடியுமுன் களையெடுப்புக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு தாண்டி எஸ்டேட்டுக்குப் போவார், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். நான் கேட்டுக்கொண்டதற்காகச் செவ்வாயும் வெள்ளியும் இளஞ்சரத்தின் நுனியை நாலு விரல் நீளத்துக்கு வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு வருவார். பெட்டி மேல் பிளாஸ்திரி ஒட்டி வெட்டிய நேரத்தை எழுதுவார். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், நேரம் ஒரு நிமிஷம் பிசகாது.

நான் அவருக்கு வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. வெட்டி இரண்டு மணி நேரத்துக்குள் என் மேஜைக்கு வந்தாக வேண்டும். காரணமில்லாமல் வைக்கவில்லை. அப்போது நான் செய்துகொண்டிருந்தது உயிருள்ள துண்டுகளை வைத்துச் செய்கிற சோதனை. துண்டை ஆக்சின் என்கிற வளர்ச்சி ஹார்மோன் கரைசலில் போட்டால், செல் உயிரோடு இருந்தால்தான் அதன் பேச்சைக் கேட்கும். செல் தன் சுவருக்குள் அமிலத்தைத் தள்ளும், சுவர் தளரும், உள்ளே இருக்கிற நீரின் அழுத்தம் செல்லை இழுத்து நீட்டும். வாடிப்போனால் அழுத்தம் போச்சு. செத்துப்போனால் எல்லாமே போச்சு.

ஒரு நாள் டீ குடிக்கும்போது அண்ணன் இதைக் கேட்டார். நான் பாடப்புத்தகம் மாதிரி ஆரம்பித்தேன். செல்லைச் சுற்றி நார் நாராகப் பின்னிய சுவர், உள்ளே தண்ணீர் நெருக்குகிறது, நார்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருப்பதால் நகர விடுவதில்லை. அமிலம் வந்தால் சுவரில் இருக்கிற ஒரு புரதம் விழித்துக்கொண்டு அந்தப் பிடியைத் தளர்த்தும். அவர் பாதியிலேயே புரிந்துகொண்டார்.

"அட, நம்ம லோடு கட்டுற கயிறு டீச்சர். அறுக்கவும் வேணாம், அவுக்கவும் வேணாம். லேசா தளத்திவிட்டா லோடு தன்னால நகந்துக்கிரும்."

இதைவிட நன்றாக நான் யாருக்கும் சொன்னதில்லை. இன்றைக்கும் வகுப்பில் அதைத்தான் சொல்கிறேன், யார் சொன்னது என்று சொல்வதில்லை.

போன வருஷம் வைகாசி கடைசியில் என் வழிகாட்டி சோதனையை மாற்றச் சொன்னார். உயிருள்ள செல்லில் ஆயிரம் காரியம் நடக்கும், சுவரை மட்டும் தனியாகப் பிடித்துக் காட்டு என்றார். அதற்கு ஒரு வழி இருக்கிறது. துண்டை உறைய வைத்துக் கொன்றுவிட வேண்டும். பிறகு உருக்கி, சாற்றைப் பிழிந்துவிட்டு, தோலை லேசாக உரசி, இரண்டு பிடிகளுக்கு நடுவே மாட்டி, கீழே இருபது கிராம் எடையைத் தொங்கவிட வேண்டும். செத்த செல்லில் நீரழுத்தம் கிடையாது, அந்த வேலையை எடை செய்யும். ஆக்சின் கொடுத்துப் பயனில்லை, அமிலத்தைத் தள்ள உயிர் வேண்டும். அதனால் அமிலத்தை நாமே ஊற்ற வேண்டும். அதிகமில்லை, தக்காளிச் சாறு அளவு புளிப்பு போதும். செத்த துண்டு அப்போது நீளும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. செத்துப் பிழிந்து சக்கையாகிப் போன தண்டு, புளிப்புக் கரைசல் பட்டவுடன் இரண்டு நிமிஷத்தில் நகர ஆரம்பிக்கிறது.

எப்படியும் உறைய வைத்துக் கொல்லப்போகிற துண்டுக்கு எதற்கு இரண்டு மணி நேரச் சட்டம்? ஐஸில் ஒரு ராத்திரி கிடந்தால்கூட என்ன கெட்டுவிடும்? இதை அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். செவ்வாய் நினைத்தேன், வெள்ளி நினைத்தேன். நாலு தடவை அவர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து பெட்டியை இறக்கினார். நாலு தடவையும் வாங்கி நேராகக் கொண்டுபோய் ஃப்ரீசரில் வைத்தேன். ஃப்ரீசர் உள் அறையில் இருந்தது, அவருக்குத் தெரிய நியாயமில்லை. செத்த தண்டு நீள்கிறது என்று சொல்லியிருந்தால் மனுஷன் ஒரு வாரத்துக்குச் சிரித்திருப்பார். அதையும் சொல்லவில்லை.

ஐந்தாவது தடவை ஒரு வெள்ளிக்கிழமை. மேலே பகலெல்லாம் மழை. எஸ்டேட்டில் ஆட்கள் கிளம்பத் தாமதமாகும் என்று தெரிந்ததும் அவர்களை வேறு ஜீப்பில் வரச் சொல்லிவிட்டு, பெட்டியை முன் சீட்டில் கயிறு போட்டுக் கட்டி, தனியாக இறங்கியிருக்கிறார். போடிமெட்டிலிருந்து எனக்கு போன் வந்தது. நான் தேர்வு அறையில் இருந்தேன். ஒரு பையன் துண்டுச்சீட்டோடு மாட்டியிருந்தான், எனக்கு மண்டை கொதித்துக்கொண்டிருந்தது.

"டீச்சர், மஞ்சு ஜாஸ்தியா இருக்கு. கொஞ்சம் பிந்துனா பரவால்லையா?"

"ரெண்டு மணி நேரம்ண்ணே, தெரியும்ல. வெரசா வாங்க," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

யோசித்துச் சொன்னதில்லை. ஐந்து வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது.

ஜீப்பு பதினோராவது வளைவுக்குக் கீழே கிடந்தது. மூடுபனி விலகி மறுநாள் காலையில்தான் பார்த்தார்கள். ஐஸ் பெட்டி மட்டும் மூடி திறக்காமல் கட்டிய கயிற்றிலேயே இருந்ததாம். என் பேரும் போன் நம்பரும் எழுதியிருந்ததால் போலீஸ்காரர் ஒருவர் பதினோரு மணிக்குக் கல்லூரியில் கொண்டுவந்து கொடுத்தார். பிளாஸ்திரியில் 'வெட்டுனது 2.40' என்று இருந்தது. உள்ளே கொஞ்சம் ஐஸ் மிச்சமிருந்தது. நான் பொட்டலத்தைப் பிரிக்காமல் ஃப்ரீசரில் வைத்துப் பூட்டினேன்.

அடக்கத்துக்குச் சிலமலை போனேன். அவர் மனைவி மகாராணி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டார். அந்த மழையில் அவ்வளவு அவசரமாக வந்தே ஆக வேண்டிய சோலியா என்று. ஆமாம் அக்கா, இரண்டு மணி நேரம் தாண்டினால் செடி செத்துப்போகும் என்றேன். சொல்லும்போது பொய் என்றுகூடத் தோன்றவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது.

ஊரில் வேறு மாதிரி பேசியிருக்கிறார்கள். ஆள் ஏற்றாமல், தனியாக, மழையில், அந்த வேகத்தில் ஒருத்தன் வருவானேன்? குடித்திருப்பான் என்று. மனுஷன் பீடிகூடத் தொடமாட்டார். மகாராணி அக்கா ஏலக்காய் பொறுக்குகிற கிடங்கில் உட்கார்ந்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் என் வார்த்தையைத்தான் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். செடி செத்துப்போகும், டீச்சரே சொன்னாங்க. ஒரு வருஷமாக அந்த வார்த்தையை வைத்துத்தான் புருஷன் பேரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

நானும் அதே வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். கொன்றுவிட்டு அளக்கிற சோதனைக்கும் புது வெட்டு வேண்டியிருக்கலாம் இல்லையா? தாமதமானால் அழுகல் நொதிகள் அந்தப் புரதத்தைத் தின்றுவிடலாம் இல்லையா? அப்படி என்றால் அவசரம் அவசரம்தான், அண்ணன் வீணாகச் சாகவில்லை, நான் சொன்னதும் தப்பில்லை. இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி அந்தப் பொட்டலத்தைப் பிரிப்பது. இருபது மணி நேரம் பெட்டியில் கிடந்த துண்டு புளிப்பில் நீள்கிறதா என்று பார்த்தால் முடிந்தது. ஒரு மணி நேர வேலை. ஒரு வருஷமாக நான் செய்யவில்லை. கரண்டு போனால் உருகிவிடும் என்று என் வீட்டு இன்வெர்ட்டரைக் கொண்டுவந்து அந்த ஃப்ரீசருக்கு மாட்டினேனே தவிர, திறக்கவில்லை. துறைத் தலைவர் ராஜாராம் சார் அதைக் காலி பண்ணச் சொல்லி மூன்று கடிதம் கொடுத்துவிட்டார். மூன்றையும் ஃப்ரீசர் கதவிலேயே ஒட்டி வைத்தேன்.

இந்த ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு மகாராணி அக்கா துறைக்கு வந்தார். மறுநாள் அண்ணனுக்கு முதல் வருஷம் கும்பிடுகிறார்களாம். படையலில் அவர் கடைசியாகக் கைதொட்ட பொருளை வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சட்டை, செருப்பு எல்லாம் ஆஸ்பத்திரியோடு போய்விட்டது. ஜீப்பை இரும்புக்குப் போட்டாயிற்று.

"அந்தப் பெட்டியில ஏதோ வெட்டிப் போட்டிருந்தாருல்ல டீச்சர். அது இருக்கா, தூக்கிப் போட்டுட்டீகளா?"

இருக்கிறது என்றேன். கொடுங்க என்று கை நீட்டினார். அவ்வளவுதான் விஷயம். எடுத்துக் கொடுத்திருந்தால் படையலில் வைத்து ஆற்றில் விட்டிருப்பார்கள். எனக்கும் ஆயுசுக்கும் தெரியாமலே போயிருக்கும். சாவியை எடுக்கப் போன என் கை நின்றது. இதைக் கொடுத்துவிட்டால் இனிமேல் பார்க்க முடியாது. ஒரு மணி நேரம் இருங்கள் அக்கா, இதில் இரண்டு துண்டு எடுத்து ஒரு சோதனை பார்த்துவிட்டு மிச்சத்தைத் தருகிறேன் என்றேன். என்ன சோதனை என்று கேட்டார். செத்துப்போச்சா என்று பார்க்கிற சோதனை என்று உளறினேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். போகிற மாதிரி தெரியவில்லை.

பொட்டலத்தைப் பிரித்தேன். எட்டு நுனிகள், அதே நீளம். துணி அண்ணனுடைய பழைய தோள்துண்டிலிருந்து கிழித்தது, ஓரத்தில் நீலக் கரை. அக்கா அந்தத் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உருகின நுனிகளில் இரண்டை எடுத்து வளரும் பகுதியை மட்டும் அறுத்தேன். பிழிந்தேன், உரசினேன். ஒன்றை எடுத்துக் கொதிக்கிற வெந்நீரில் அரை நிமிஷம் போட்டேன்.

இந்த இடத்தை நான் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். வெந்நீரில் போட்ட துண்டு எதற்கும் அசையாது. சூட்டில் அந்தப் புரதம் கெட்டுவிடும், அப்புறம் எத்தனை புளிப்பு ஊற்றினாலும் நார்களின் பிடி தளராது. ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒரு துண்டு வேண்டும் என்பது முறைதான். ஆனால் அதைத்தான் முதலில் மாட்ட வேண்டும் என்று எந்த முறையும் இல்லை. நான் அதைத்தான் முதலில் மாட்டினேன். ஏன் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

எடையைத் தொங்கவிட்டதும் கம்ப்யூட்டரில் கோடு ஒரு துள்ளுத் துள்ளிப் படுத்தது. அது எதைத் தொங்கவிட்டாலும் வருகிற துள்ளல். இருபது நிமிஷம் புளிப்பில்லாத கரைசல். கோடு தட்டையாகப் போனது. பிறகு புளிப்புக் கரைசலை விட்டேன். இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கோடு அப்படியே போய்க்கொண்டிருந்தது. அக்கா எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றார். இது மேலே ஏறினால் என்ன, ஏறாவிட்டால் என்ன என்று கேட்டார். சுவர் வேலை செய்தால் ஏறும், கெட்டுப்போனால் ஏறாது என்றேன். வெந்நீரைப் பற்றிச் சொல்லவில்லை.

அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். ஒரு வருஷமாக அந்த முகத்தில் இல்லாத தெளிவு.

"அப்ப நிசமாவே செத்துத்தான் போயிருக்கு. வெரசா வந்தாத்தான் ஆகும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு." திரையில் இருந்த அந்தத் தட்டைக் கோட்டை விரலால் தொட்டார். "இது போதும் டீச்சர். ஊர்ல கேக்குறவுகளுக்கு நாஞ் சொல்லிக்கிறேன்."

போதும் என்றுதான் எனக்கும் இருந்தது. இத்தோடு நிறுத்தினால் அவருக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி. மிச்சம் ஆறு நுனியைச் சுற்றிக் கொடுத்து அனுப்பிவிடலாம். இன்னொரு துண்டு தட்டில் ஈரமாகக் கிடந்தது. அதைக் குப்பையில் போட எவ்வளவு நேரம் ஆகும்? கையில் எடுத்தும் விட்டேன்.

அப்போது அக்கா மடியில் இருந்த துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே, அவரு பொய் சொல்ற ஆளில்ல டீச்சர் என்றார், சாதாரணமாக, எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. பொய் சொன்னவள் எதிரே நிற்கிறேன், ஆறுதல் எனக்கு. எனக்கு என் மேலேயே அருவருப்பாகப் போய்விட்டது. கொஞ்சம் இருங்கள் அக்கா என்று சொல்லிவிட்டு அந்தத் துண்டை மாட்டினேன்.

மறுபடியும் துள்ளல், மறுபடியும் படுத்தல், இருபது நிமிஷம் தட்டை. நான் வேண்டிக்கொண்டேன். ஏறக் கூடாது என்று என் ஆராய்ச்சிக்கு எதிராக, என் ஆறு வருஷத்துக்கு எதிராக வேண்டிக்கொண்டேன். கெட்டுப்போயிருக்க வேண்டும், இருபது மணி நேரத்தில் அந்தப் புரதம் அழுகி ஒழிந்திருக்க வேண்டும். மணி மூன்று ஐம்பது. புளிப்புக் கரைசலை மாற்றினேன்.

ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. இரண்டாவது நிமிஷம் முடிவதற்குள் கோடு தலையைத் தூக்கியது. முதலில் கண்ணுக்குத் தெரியாத அளவு, அப்புறம் தெரிகிற அளவு, அப்புறம் சரிவாக, நிதானமாக, நிற்காமல் மேலே போனது. புது வெட்டில் போவதைவிடக் கொஞ்சம் மெதுவாக இருந்திருக்கலாம். ஆனால் போனது. எந்தச் சந்தேகமும் இல்லாமல் போனது.

"டீச்சர், இது ஏறுதே. உசுரோட இருக்கா?"

இல்லை அக்கா, செத்ததுதான் என்றேன். செத்தது எப்படி நீளும் என்று கேட்டார். நான் கயிற்றைச் சொன்னேன். அவர் புருஷன் சொன்ன அதே கயிறு, அதே லோடு. உயிரோடு இருக்கும்போது செடியே கயிற்றைத் தளர்த்திக்கொள்ளும், உள்ளே இருக்கிற தண்ணீர்தான் லோடு. செத்த பிறகு நாம் புளிப்பு ஊற்றித் தளர்த்துகிறோம், இந்த எடைதான் லோடு. முன்னால் மாட்டியது வெந்நீரில் போட்ட துண்டு, அதனால் அசையவில்லை. அதை நான் வேண்டுமென்றே முதலில் மாட்டினேன். இதையும் சொன்னேன்.

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். படிக்காதவர்தான், ஆனால் ஏலக்காயைக் கண்ணால் பார்த்தே தரம் பிரிக்கிறவர். அவருக்கு விஷயம் பிடிபட அதிக நேரம் ஆகவில்லை.

"அப்ப அவரு மறுநா வந்திருந்தாலும் இது இப்பிடித்தான் ஏறியிருக்குமா?"

"ஆமாக்கா. இது மறுநா வந்ததுதான்."

அப்போது வராந்தாவில் பெட்டியை இறக்குகிற சத்தம் கேட்டது. மணி நாலு பத்து, செவ்வாய்க்கிழமை. அக்கா வாசல் பக்கம் திரும்பினார். அவருக்கும் கேட்டதா, என் முகம் திரும்பியதைப் பார்த்துத் திரும்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவில்லை.

பிறகு மிச்சத்தையும் சொன்னேன். வைகாசியிலேயே சோதனையை மாற்றியதை, அவரிடம் சொல்லாமல் விட்டதை, நாலு தடவை அவர் ஓடிவந்து கொடுத்ததை வாங்கி ஃப்ரீசரில் வைத்ததை. நோட்டை எடுத்துத் தேதியைக் காட்டினேன். கடைசியாக அந்த போனைச் சொன்னேன். பிந்தினால் பரவாயில்லையா என்று அவர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும், ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

அவர் அடிக்கவில்லை. திரையைக் காட்டி, இதை நிறுத்து என்றார்.

எடையை எடுத்திருந்தால் உடனே நின்றிருக்கும். எனக்கு அது தோன்றவில்லை. புளிப்புக் கரைசலை வடித்துவிட்டுப் புளிப்பில்லாத பழைய கரைசலை ஊற்றினேன். கோடு உடனே நிற்காது. சுவருக்குள் இருக்கிற புளிப்பு வெளியே வர நேரம் பிடிக்கும். இன்னும் நிக்கலையே என்று அக்கா ஒரு தடவை கேட்டார். நிற்கும் என்றேன். இரண்டு பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்ல மெல்லச் சரிவு குறைந்து, கடைசியில் தட்டையானது. அப்போதுதான் அவர் அழுதார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். ஒரு வருஷத்தில் நான் பார்த்து அவர் அழுதது அதுதான் முதல் தடவை.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் மிச்சம் ஆறு நுனியையும், மாட்டிய இரண்டு துண்டையும் சேர்த்து, அந்த நீலக் கரைத் துணியைக் கேட்டு வாங்கிச் சுற்றினேன். பழைய ஐஸ் பெட்டியைத் துடைத்து உள்ளே வைத்தேன். பிளாஸ்திரி அப்படியே இருந்தது. அதை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் தொடவில்லை.

"குடிச்சிட்டு வந்தாருன்னு சொன்ன ஒருத்தரு பாக்கியில்லாம நாளைக்கு அங்க இருப்பாக. நாஞ் சொன்னா நம்ப மாட்டாக. நீயே கொண்டா. எல்லாரு முன்னாடியும் வச்சு, இப்ப எங்கிட்டச் சொன்னதை அப்பிடியே சொல்லு."

நீங்க போய் நீயாகியிருந்தது. எனக்கு அது சரியாகத்தான் பட்டது. எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டேன். நாலு மணிக்குப் படையல் என்றார். நாலு மணிக்குள் வந்துவிடுகிறேன் அக்கா, மத்தியானமே கிளம்பிவிடுகிறேன் என்று படபடவென்று சொன்னேன்.

வாசல்வரை போனவர் நின்று, அந்த வராந்தாவை, பெட்டி வைக்கிற மூலையை ஒரு தடவை பார்த்தார்.

"வெரசால்லாம் வர வேணாம் டீச்சர். ரோட்டைப் பாத்து மெதுவா வா. பிந்துனா பரவால்ல."